தொட்டுணர் ஓடு

பார்வைக் குறையுள்ளோர் காலாலும் ஊன்றுகோலாலும் தொட்டுணர்ந்து வழியறியத் தரையில் பதிக்கும் புடைப்புள்ள ஓடு இது. கடையிலும் கட்டட வரைபடத்திலும் இதற்கு 'டாக்டைல் டைல்ஸ்' என்றுதான் பெயர். 'டாக்டைல்' என்பது தொடுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ஓட்டின் பிறப்பிடம் ஜப்பான். செய்ச்சி மியாகே 1965-இல் உருவாக்கிய இந்த ஓடு, 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. அங்கே இதை 'தென்ஜி பிளாக்' என்கிறார்கள். 'தென்ஜி' என்றால் பிரெய்ல் எழுத்து. தரையில் எழுதிய எழுத்து என்ற அந்தப் பார்வை மிகச் சரியானது.

தொடு உணர்வுக்குத் தமிழின் பழஞ்சொல் 'ஊறு'. தொல்காப்பியம் 'உற்றறிவது' என்கிறது. இன்று 'ஊறு' என்றால் தீங்கு என்றே பலருக்கும் படும் என்பதால் 'தொட்டுணர் ஓடு' பொருத்தமானது. ஆனால் இந்த ஒரு பெயர் போதாது. ஓட்டில் இரண்டு வகை உண்டு. இரண்டும் சொல்வது வேறு வேறு. நீளக் கோடுகள் கொண்டது 'வழி ஓடு': கோடு ஓடும் திசையில் நட. வட்டப் புடைப்புகள் கொண்டது 'எச்சரிக்கை ஓடு': நில், முன்னால் ஏதோ இருக்கிறது. புடைப்பின் உயரம் சுமார் 5 மி.மீ.; செருப்புக் காலுக்கும் ஊன்றுகோலுக்கும் அது புலப்படும்.

ஒரு கட்டட நுழைவாயிலிலிருந்து மாடிப்படி வரை பாதை போடுவதாகக் கொள்வோம். வாசலிலிருந்து வழி ஓடு நேராகச் செல்லும். திரும்புமிடத்தில் எச்சரிக்கை ஓட்டால் ஒரு சதுரம். முதல் படிக்கு 300 மி.மீ. முன்பாக, படியின் முழு அகலத்துக்கும் எச்சரிக்கைப் பட்டை. நடக்கும் திசையில் அது ஏறத்தாழ 600 மி.மீ. இருக்க வேண்டும். 300 மி.மீ. ஓடு ஒரே வரிசை பதித்தால் ஓர் எட்டில் கால் அதைத் தாண்டிவிடும்; மேலிருந்து இறங்குபவருக்கு அது நேரே விழும் ஆபத்து. மீந்துபோன எச்சரிக்கை ஓட்டையே பாதை முழுக்கப் பதிப்பது அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு. எங்கும் 'நில்' என்று எழுதியிருந்தால், படியருகே உள்ள 'நில்' எப்படித் தனியே தெரியும்?

நிறத்துக்கும் இதே அளவு கவனம் வேண்டும். பார்வைக் குறையுள்ளோரில் பெரும்பாலோருக்கு ஓரளவு பார்வை உண்டு. பட்டையை அவர்கள் கண்ணாலும் தேடுவார்கள். இங்கே தேவை 'ஒளிர்வு வேறுபாடு', அதாவது ஓடும் தரையும் ஒன்று வெளிறியும் மற்றது கருத்தும் இருப்பது; நிறம் மாறினால் மட்டும் போதாது. மஞ்சள் ஓடு கருஞ்சாம்பல் தரையில் பளிச்சென்று நிற்கும், வெளிர் கிரானைட்டில் கரைந்துவிடும். மின்னும் தரையில் பதித்த எஃகுக் குமிழ்களும் அப்படியே. கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள்: பட்டை தரையோடு கலந்து போனால் வேறுபாடு போதாது. தரையை நனைத்தும் ஒருமுறை பாருங்கள், ஈரத்தில் தரை கருக்கும்.

ஓடு சொல்ல முடியாததை 'ஒலிக்குறிப்பு' சொல்லும். லிஃப்ட் முன்னால் எச்சரிக்கை ஓடு நிறுத்தும். வந்திருப்பது மேலே போகிறதா கீழேயா என்பதை மணி சொல்லும். ஒருமுறை ஒலித்தால் மேலே, இருமுறை ஒலித்தால் கீழே என்பது பரவலான வழக்கம்.