நான்கு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்: மேடை ஒப்பனையைப் படத்தில் சோதிப்பது

நடன அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கைப்பேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஆடப் போகும் மாணவிகள் ஒத்திகைக்கு ஒப்பனை போட்டுப் பார்த்திருப்பார்கள். திரை முழுக்க முகம், கீழே ஒரே கேள்வி: "நன்றாக இருக்கிறதா?" இருக்கும். பெரும்பாலும் மிக நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் படத்தை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது. அது ஒரு சாண் தூரத்தில் தெரியும் முகம். டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்காருபவர் அந்த முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

அவர் பார்ப்பது எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாடையிலிருந்து வகிடு தொடங்கும் இடம் வரை முகம் சுமார் 20 சென்டிமீட்டர். கடைசி வரிசை 20 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியை நாம் பிடிப்பது 40 சென்டிமீட்டரில். அந்த ரசிகருக்குத் தெரியும் அளவிலேயே முகம் நமக்கும் தெரிய வேண்டுமென்றால், திரையில் அதன் உயரம் 4 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஒரு பச்சைப் பயறின் அளவு. வர்ணம் ஆடும்போது காட்டும் அத்தனை ஏக்கமும் அந்தப் பயறுக்குள் தெரிந்தாக வேண்டும்.

படத்தை அவ்வளவு சுருக்கிப் பார்ப்பது தொல்லையாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. திரையில் முகம் 4 சென்டிமீட்டர் உயரம் வரும்படி வைத்து, கைப்பேசியை அலமாரியில் சாய்த்துவிட்டு, நான்கு மீட்டர் தள்ளிப் போய் நில்லுங்கள். முகம் ஐந்தில் ஒரு பங்காகியிருப்பதால், தூரமும் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் அரங்கின் கடைசி வரிசை எத்தனை மீட்டரோ, அதை ஐந்தால் வகுத்தால் போதும். கண்ணாடி அணிபவர்கள் அணிந்துகொண்டே பாருங்கள்.

படம் எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முகத்துக்கு மிக அருகில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதோரம் பின்வாங்கிவிடும். மூன்று நான்கு மீட்டர் விலகி, மேடை விளக்கின் கீழ் எடுக்க வேண்டும். தோலை மெருகேற்றும் அழகு வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். இருண்ட மேடையில் கைப்பேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுக்க வைத்துவிடும். அதனால் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். வீட்டுக் குழல்விளக்கில் எடுத்த படம் இந்தச் சோதனைக்கு உதவாது.

சென்ற ஆண்டு ஒரு மாணவியின் படம் வந்தது. அவருடைய மாமா மேடை விளக்கில் முறையாக எடுத்திருந்தார். அருகில் பார்த்தால் குறையே இல்லை. மேலிமையில் தடித்த மை, கீழிமையின் உள்விளிம்பில் மை, இரண்டும் கடைக்கண்ணில் கூடி மீன்வால் போல நீண்டிருந்தன. நான்கு மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன். முகத்தில் கண் இல்லை. இரண்டு கரிய குழிகள்தான் இருந்தன.

ஏன் என்று சொல்கிறேன். நல்ல பார்வை உள்ளவருக்குக் கூட 20 மீட்டரில், இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் அவை இரண்டாகத் தெரியும். அதற்குக் குறைந்தால் ஒன்றாகக் குழம்பிவிடும். திறந்த கண்ணின் உயரமே ஒரு சென்டிமீட்டர் அளவுதான். மேலே தடித்த மை கொஞ்சம் தின்றது, கீழே உள்விளிம்பு மை கொஞ்சம் தின்றது. மிஞ்சியது ஆறு மில்லிமீட்டரை ஒட்டி. புன்னகைத்தால் கண் இன்னும் சுருங்கும். ஆக, சிரிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணுக்குக் கண் காணாமல் போனது.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது கடைக்கண் பார்வை. விழியின் கருவட்டம் சுமார் 12 மில்லிமீட்டர். கண்ணின் அகலம் 30 என்றால், நேராகப் பார்க்கையில் இருபுறமும் ஒன்பது ஒன்பது மில்லிமீட்டர் வெள்ளை இருக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது ஒருபுறம் வெள்ளை குறைந்து மறுபுறம் பெருகுகிறது. தோழியைப் பார்க்கிறாளா, தலைவன் வரும் வழியைப் பார்க்கிறாளா என்று தூரத்திலிருப்பவர் கண்டுகொள்வது அந்த வெள்ளையின் ஏற்றத்தாழ்வை வைத்துத்தான். அதைச் சுற்றிலும் மையால் அடைத்துவிட்டால், அவள் எங்கே பார்த்தாலும் ஒரே கருமைதான்.

கண்ணில் திருத்தியது மூன்று இடங்களில் மட்டும். உள்விளிம்பு மையைத் துடைத்துவிட்டு அங்கே வெளிர்நிறப் பென்சில். கீழ்க்கோட்டை இமைமுடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே இறக்கி வரைந்தோம். மேல்கோடும் கீழ்கோடும் கடைக்கண்ணில் சேராமல், நடுவே ஆறேழு மில்லிமீட்டர் விட்டு, அந்த இடத்தில் வெள்ளையை மெல்லத் தொட்டோம். தூரத்தில் அந்த வெள்ளை கண்ணின் வெள்ளையோடு சேர்ந்து, கண்ணே நீண்டதுபோல் தெரியும். (கதகளியில் தாடையோரம் ஒட்டும் சுட்டி என்ற வெள்ளை விளிம்பும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது: முகத்தை இருட்டிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.)

அடுத்து முகபாவம். இதற்கு ஐந்து படங்கள் கேட்பேன்: சாதாரண முகம், சிருங்காரம், சோகம், ரௌத்திரம், வியப்பு. ஒப்பனையைப் பார்த்திராத ஒருவரை நான்கு மீட்டரில் நிறுத்தி, கலைத்துப் போட்டுக் காட்டி, எது என்ன என்று கேட்க வேண்டும். குருவைக் கேட்கக் கூடாது. அவருக்கு எல்லாமே தெரியும், தெரியாததும் தெரிந்துவிடும். இந்த மாணவியின் சாதாரண முகத்தைப் பார்த்து என் தம்பி, "ஏன் கோபமாக இருக்கிறார்?" என்றான். புருவத்தின் உள்முனை மூக்கை நோக்கிக் கீழே இறங்கியிருந்தது. அதை அரை விரல் விலக்கிச் சமன்படுத்தியதும் கோபம் போனது. ரௌத்திரத்துக்கு அவரே புருவத்தை நெரித்துக்கொள்வார், நாம் முன்கூட்டியே வரைந்து வைக்க வேண்டியதில்லை. சிருங்காரத்தில் உதடு தெரியவில்லை என்றான். அதற்குச் சாயம் காரணமல்ல, புல்லாக்கு. அதன் மினுமினுப்பு மேலுதட்டை மறைத்தது. சிறியதாக மாற்றினோம்.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியும் ஒருமுறை பார்ப்பேன். உதடு முகத்தின் சாம்பலிலேயே கரைந்தால், அது நிறத்தை மட்டும் நம்பி நிற்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட உதடு சிவப்பு விளக்கில் வெளிறிப் போகும். நீல விளக்கில் சிவப்புச் சாயம் கறுத்துவிடும், கன்னச் சிவப்பு அடிபட்ட தழும்பு போலத் தெரியும். விளக்குக்காரர் எந்த நிறம் போடப் போகிறார் என்று முன்பே கேட்டு, அந்த நிறத்திலும் ஒரு படம் எடுத்துவிடுவது நல்லது.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. நின்றுபோன படத்தில் அசைவு இல்லை. கண் உருளும்போதும் கழுத்து அசையும்போதும், படத்தில் தெரியாத சில மேடையில் தெரிந்துவிடும். படத்தில் தேறாதது மேடையில் தேறலாம் என்பதால், சந்தேகம் வந்தால் ஒத்திகையன்று நானே கடைசி வரிசையில் போய் உட்காருவேன்.

நிகழ்ச்சி முடிந்து ஆல்பம் வந்ததும் மாணவியின் அம்மா அழைத்தார். "அக்கா, கிட்டத்தில் எடுத்த படத்தில் கண்ணோரம் வெள்ளையாகத் திட்டு தெரிகிறதே?" தெரியத்தான் செய்யும். அடுத்த மாதம் அதே பெண் ஒரு வீட்டுக் கூடத்தில் ஆடினார். கடைசி நாற்காலி ஐந்து மீட்டரில் இருந்தது. ஒரு மீட்டர் தள்ளி நின்று படத்தைப் பார்த்துவிட்டு, அன்று வெள்ளையே வைக்கவில்லை.