பதினெட்டுப் படங்களில் ஒரு சம்பா

வயலில் கேமராவை நட்டுவைத்துவிட்டு நான்கு மாதம் காத்திருக்க எல்லாருக்கும் வசதி இருக்காது. மழை, திருட்டு, பேட்டரி என்று ஆயிரம் தொல்லை. வாரம் ஒருமுறை போய் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தாலும் பயிர் வளர்வதைக் காட்டிவிடலாம். திருவையாறு பக்கம் ஒரு சம்பா வயலை அப்படித்தான் எடுத்தேன். அக்டோபர் நடுவில் நடவு, பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடை. மொத்தம் 112 நாளுக்கு 18 படங்கள். நொடிக்கு 25 படம் என்று ஓட்டினால் முழுப் போகமும் முக்கால் நொடியில் முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு படமும் அடுத்ததில் மெல்லக் கரைய வேண்டும். அப்படிக் கரையும்போது கேமரா நின்ற இடத்தில் இருந்த பிசகெல்லாம் வெளியே வந்துவிடும்.

பலரும் கேமரா பார்க்கும் கோணத்துக்குத்தான் கவலைப்படுகிறார்கள். அது கொஞ்சம் சாய்ந்திருந்தால் பின்னால் நிமிர்த்திக்கொள்ளலாம். நின்ற இடம் ஒரு முழம் தள்ளிப்போனால் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. கிட்டத்தில் இருப்பது நிறைய நகரும், தூரத்தில் இருப்பது நகராது. ஒன்றைப் பொருத்தினால் மற்றது விலகும்.

நான் வரப்பில் ஒரு கல்லை ஊன்றி அடையாளம் வைத்தேன். முதல் படத்தை அச்செடுத்து ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோவேன். அந்தப் படத்தில் மின்கம்பத்தின் வலது ஓரம், பின்னால் தூரத்தில் நிற்கும் பனைமரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே வானம் தெரிந்தால் நான் விலகி நிற்கிறேன் என்று பொருள். கம்பம் பனையைத் தொடும்வரை ஸ்டாண்டை விரல் விரலாக நகர்த்துவேன். உயரத்துக்கும் இதே வித்தைதான்: மோட்டார் கொட்டகையின் கூரை விளிம்பு பின்னாலுள்ள தோப்பை எங்கே வெட்டுகிறது என்று பார்ப்பேன்.

உயரம் என்றதும் என் முதல் முயற்சி ஞாபகம் வருகிறது. நாற்று அழகாகத் தெரிய வேண்டுமென்று முழங்கால் உயரத்தில் வைத்தேன். கதிர் வரும் நேரத்தில் முன்னால் நின்ற நாலு தூர்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இப்போதெல்லாம் ஆள் உயரத்துக்கு ஏற்றிக் கொஞ்சம் கீழ்நோக்கித்தான் வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் படத்தைப் பாதி ஒளிபுகும்படி மேலே வைத்து, மற்ற ஒவ்வொன்றையும் அதற்கடியில் நகர்த்தி, திருப்பி, அளவு மாற்றிப் பொருத்துவேன். தானாகப் பொருத்தும் வசதியை நம்பாதீர்கள். அது இலையிலும் மேகத்திலும் புள்ளி தேடும். இந்த வாரம் பார்த்த இலையோ அடுத்த வாரம் அந்த இடத்தில் இருக்காது. கம்பம், கொட்டகை மூலை என்று அசையாத இரண்டு இடங்கள், ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் போதும். ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே அகலமாக எடுத்துவிடுங்கள்.

நிறத்தில்தான் பெரிய ஏமாற்றம். கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் நெல் பழுக்கும் மஞ்சளைக் கூடுதல் மஞ்சள் என்று நினைத்துக் குறைத்துவிடும். படங்களுக்கிடையே நிறத்தைச் சமப்படுத்தும் மென்பொருளும் அதையேதான் செய்யும். பச்சை பொன்னாவதுதானே நாம் காட்ட வந்தது? அதனால் ஒயிட் பேலன்ஸை வெயில் அளவிலேயே நிறுத்திவிட்டு, சிமெண்ட் கம்பத்தின் சாம்பல் நிறம் எல்லாப் படங்களிலும் ஒன்றுபோல வரும்வரை திருத்துவேன். பயிரைத் தொடுவதில்லை.

அப்புறம் நேரக்கணக்கு. கதிர் வெளிவருவது சில நாளில் முடிந்துவிடும் என்பதால் அப்போது மட்டும் மூன்று நாளுக்கு ஒருமுறை போனேன். எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம் கொடுத்திருந்தால், அந்தக் கட்டத்தில் பயிர் சோம்பேறியாக வளர்வதுபோலத் தோன்றியிருக்கும். ஆகவே நான்கு நாளுக்கு ஒரு நொடி என்று வைத்தேன். ஏழு நாள் இடைவெளிக்கு ஒன்றே முக்கால் நொடி, மூன்று நாளுக்கு முக்கால் நொடி, முழுப் படம் 28 நொடி.

நவம்பர் மழையில் 20ஆம் நாளிலிருந்து 39ஆம் நாள் வரை வயலுக்குப் போகவே முடியவில்லை. கணக்குப்படி அந்த இடத்தில் ஐந்து நொடி கரைய வேண்டும். செய்து பார்த்தேன், குட்டி நாற்றும் அடர்ந்த பயிரும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேய்போல நின்றன. இடைப்பட்ட படங்களைக் கணித்து உருவாக்கும் வசதியையும் முயன்றேன். இலைகள் கூழாகக் கரைந்து ஓடின. கடைசியில் அந்த இடத்தில் நேரடியாக வெட்டி, ‘39ஆம் நாள்’ என்று எழுத்துப் போட்டேன்.

வயல்காரரிடம் படத்தைக் காட்டினேன். அந்த வெட்டு வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். “என்ன தம்பி, தூர் கட்டுனதே இதுக்குள்ளதானே, அது எங்க?”