சிப் செலக்ட்டை ஹையில் வைத்தால் மட்டும் போதுமா?

தனித்தனியாக இணைத்தால் சென்சாரும் ஓடும், எஸ்டி கார்டும் ஓடும். இரண்டையும் ஒரே எஸ்பிஐ பஸ்ஸில் போட்டால் சென்சார் காணாமல் போகும். சிங்கப்பூரில் பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. சமீபத்தில் ஒரு தம்பி கொண்டுவந்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் கீரை வளர்க்கும் தோட்டத்துக்கு வெப்பமும் ஈரப்பதமும் பதிவு செய்யும் கருவி. 3.3 வோல்ட் கன்ட்ரோலர், பிஎம்இ280 சென்சார், மைக்ரோ எஸ்டி மாட்யூல், அவ்வளவுதான்.

முதலில் பஸ்ஸைப் பார்த்துவிடுவோம். எஸ்பிஐயில் கிளாக், மோசி, மிசோ என்ற மூன்று கம்பிகள் எல்லாருக்கும் பொது. கன்ட்ரோலர் பேசுவது மோசியில், சிப்கள் பதில் சொல்வது மிசோவில். நான்காவதான சிப் செலக்ட் ஒவ்வொரு சிப்புக்கும் தனி. அதை லோவுக்கு இழுத்தால் அந்தச் சிப் மட்டும் கேட்க வேண்டும், பேச வேண்டும். முகவரி என்று எதுவும் கம்பியில் போகாது. ஒரு பைட் போகும்போதே ஒரு பைட் வந்தும் விடும். அதனால் ஒரு ரிஜிஸ்டரைப் படிக்க, முதலில் ரிஜிஸ்டர் எண்ணை அனுப்பி, அப்புறம் சும்மா ஒரு 0x00 அனுப்பி கிளாக்கை ஓட்டினால்தான் பதில் வெளியே வரும்.

பிஎம்இ280-இன் அடையாள எண் 0xD0 ரிஜிஸ்டரில் இருக்கிறது. பதில் 0x60 ஆக வர வேண்டும்.

```cpp
pinMode(SD_CS, OUTPUT);
digitalWrite(SD_CS, HIGH);
pinMode(BME_CS, OUTPUT);
digitalWrite(BME_CS, HIGH);
SPI.begin();

SPI.beginTransaction(SPISettings(1000000, MSBFIRST, SPI_MODE0));
digitalWrite(BME_CS, LOW);
SPI.transfer(0xD0);
uint8_t id = SPI.transfer(0x00);
digitalWrite(BME_CS, HIGH);
SPI.endTransaction();
```

முதல் நான்கு வரிகளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சென்சாரோடு பேசும் நேரத்தில் கார்டின் சிப் செலக்ட் எங்கும் ஒட்டாமல் மிதந்துகொண்டிருந்தால், கார்டும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வாய் திறக்கலாம். எல்லாச் சிப் செலக்ட்டுகளையும் முதலில் ஹையில் வைத்துவிட்டுத்தான் யாரோடும் பேச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால், கன்ட்ரோலர் விழித்தெழும் அந்தச் சிறு நேரத்துக்கும் கவலையில்லை.

தம்பியின் புரோகிராமில் இதெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் 0x60-க்குப் பதில் 0xFF. "கார்டையே கழற்றிப் பார்த்துட்டேன் அண்ணா, அப்பவும் இதேதான். மாட்யூலோட வயரைப் பிடுங்கினா மட்டும் சென்சார் வருது" என்றான். உண்மையில் பாதி விடை அவன் வாயிலேயே வந்துவிட்டது. கார்டு இல்லாதபோதும் தொந்தரவு இருந்தால், பேசுவது கார்டு அல்ல, மாட்யூல்.

5 வோல்ட்டில் ஓடும் மலிவான மைக்ரோ எஸ்டி மாட்யூல்கள் பலவற்றில் 74எல்விசி125 என்ற பஃபர் ஐசி ஒன்று இருக்கும். உள்ளே நான்கு பஃபர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி எனேபிள் பின். 5 வோல்ட் சிக்னலை 3.3-க்கு இறக்கத்தான் அதை வைக்கிறார்கள். பல மாட்யூல்களில் நான்கு எனேபிளையும் கிரவுண்டில் கட்டி எப்போதும் திறந்தே விட்டுவிடுகிறார்கள், மிசோ பக்கம் உள்ளது உட்பட. சிப் செலக்ட் ஹைக்குப் போனதும் கார்டு தன் வெளியீட்டை விட்டுவிடும். பஃபருக்கு அது தெரியாது. அதன் நுழைவு புல்-அப்பினால் ஹையில் நிற்கும், அந்த ஹையையே அது மிசோவில் விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். சென்சார் 0 சொல்ல வந்தால், ஒன்று கீழே இழுக்கும், இன்னொன்று மேலே தள்ளும். ஸ்கோப்பில் பார்த்தால் லோ பிட்டுகள் தரைக்கு வராமல் நடுவில் தொங்குவது நன்றாகத் தெரியும்.

ஸ்கோப் இல்லையென்றாலும் மல்டிமீட்டர் போதும். சென்சாரைக் கழற்றிவிட்டு, மாட்யூலின் சிப் செலக்ட்டை ஹையில் வையுங்கள். மிசோவிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டு அளந்துவிட்டு, அதே ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்கு மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். வோல்டேஜ் ரெசிஸ்டர் போகும் பக்கமே போனால் கம்பியை யாரும் பிடித்திருக்கவில்லை. எங்கள் மாட்யூலில் கிரவுண்டுக்குப் போட்டும் மீட்டர் கிட்டத்தட்ட 3.3-இலேயே நின்றது. சரி, குற்றவாளி கிடைத்துவிட்டது.

இதைக் கார்டே செய்யும் ஒரு சிறிய வடிவமும் உண்டு: சிப் செலக்ட்டை ஹையாக்கிய பிறகும் ஓரிரு கிளாக் வந்தால்தான் எஸ்டி கார்டு மிசோவை விடும். கார்டு வேலை முடிந்ததும் சிப் செலக்ட் ஹையில் இருக்க ஒரு 0xFF அனுப்பிவிடுவது நல்ல பழக்கம்.

இந்தச் சண்டை இரண்டு கம்பி பஸ்ஸான ஐடூசியில் நடக்கவே முடியாது. அங்கே யாரும் ஹையைத் தள்ளுவதில்லை. எல்லாரும் கம்பியைக் கீழே இழுக்க மட்டுமே முடியும், மேலே தூக்குவது புல்-அப் ரெசிஸ்டர். இன்னொரு வித்தியாசத்தை நான் அதைவிட முக்கியமாகச் சொல்வேன். ஐடூசியில் முகவரி பைட்டின் 8 பிட்டுகள் போனபின் ஒன்பதாவது கிளாக்கில் சிப் கம்பியை லோவுக்கு இழுத்து "இருக்கிறேன்" என்று சொல்லும். இந்தச் சென்சாரின் முகவரியான 0x76-ஐக் கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் அங்கேயே தெரிந்துவிடும். எஸ்பிஐயில் அந்த ஏற்பாடே இல்லை. சிப்பே இல்லாவிட்டாலும் கன்ட்ரோலர் 8 பிட்டை எண்ணி 0xFF என்றோ 0x00 என்றோ உங்களிடம் கொடுக்கும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. எழுதுவதற்கு முன் அடையாள எண்ணைப் படித்துச் சரிபார்ப்பது அதனால்தான். 0x60 வரவேண்டிய இடத்தில் 0x30 அல்லது 0xC0 வந்தால், ஒரு பிட் நகர்ந்திருக்கிறது, கிளாக் மோடைப் பாருங்கள்.

இனித் தீர்வு. பஃபரின் மிசோ எனேபிள் பின்னைக் கிரவுண்டிலிருந்து வெட்டி, சிப் செலக்ட்டோடு சேர்க்கலாம். எனேபிளும் லோவில்தான் வேலை செய்யும் என்பதால் பொருத்தம் கச்சிதம். ஆனால் கத்தியோடும் மெல்லிய சாலிடரோடும் போராட வேண்டும். வேறொரு எஸ்பிஐ போர்ட் இருந்தால் கார்டைத் தனியாக்கலாம். பஃபர் இல்லாத 3.3 வோல்ட் மாட்யூலைச் சிம் லிம் டவரில் ஒரு நடை போய்த் தேடலாம்.

நான் சொன்னது வேறு: சென்சாரை ஐடூசிக்கு மாற்று. பிஎம்இ280-க்கு இரண்டும் தெரியும். நிமிடத்துக்கு ஒருமுறை 8 பைட் படிக்கும் சென்சாருக்கு வேகம் தேவையில்லை. முகவரியெல்லாம் சேர்த்து 11 பைட், பைட்டுக்கு 9 கிளாக், 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். வேகம் வேண்டியது கார்டுக்குத்தான், அது எஸ்பிஐயில் தனியாக இருக்கட்டும்.

மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்சாரின் சிப் செலக்ட் பின்னான சிஎஸ்பி ஒரே ஒருமுறை லோவுக்குப் போனாலும், கிளாக் ஓடாவிட்டாலும், மின்சாரத்தை நிறுத்திப் போடும் வரை அது எஸ்பிஐயிலேயே இருக்கும். பழைய சிப் செலக்ட் வயரை மறந்து விட்டுவைத்தால் 0x76 பதிலே சொல்லாது. அந்த வயரை எடுத்துவிட்டு, பின்னை நேராக 3.3 வோல்ட்டில் கட்டச் சொன்னேன்.

"அப்போ 400 கிலோஹெர்ட்ஸ் வைக்கலாமா?" என்று கேட்டான். சென்சார் கீரைத்தொட்டிப் பக்கம், கேபிள் முனையில் இருக்கிறது. கம்பியின் கெப்பாசிட்டன்ஸ் மொத்தம் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டோம். மாட்யூலில் உள்ள புல்-அப் 10 கிலோ ஓம். சிக்னல் ஏற ஆகும் நேரம் 0.8473 × R × C, அதாவது சுமார் 847 நானோசெகண்ட். 100 கிலோஹெர்ட்ஸுக்கு 1000 வரை அனுமதி உண்டு, 400-க்கு 300 மட்டுமே. வேகம் வேண்டுமென்றால் ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓமுக்கு இறக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை படிப்பதற்கு அது எதற்கு, 100-லேயே விட்டுவிட்டோம்.