மஞ்சக்குப்பத்துக்கு எத்தனை தட்டு?

அந்த அம்மா ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அட்டைகளோடு வந்திருந்தார். காலண்டர் தாளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதியிருந்தார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் நன்றாகப் பேசுகிறான். வாசிக்கச் சொன்னால் மட்டும் நீளமான சொற்களில் தடுக்கி விழுகிறான். கடலூரில் பேச்சு, மொழிப் பயிற்சி கொடுக்கும் எனக்கு இது பழகிய குறைதான். எட்டு அட்டைகளை மேசையில் அடுக்கி, "படி" என்றார் அம்மா. பையன் விரலை வைத்து வைத்துப் படித்தான்: "ம… இஞ்… ச… இக்… கு… இப்… ப… இம்."

வீடு இருக்கும் இடம் எது என்று கேட்டேன். "மஞ்சக்குப்பம்" என்று பட்டென்று சொன்னான். மேசையில் இருப்பதும் அதே சொல்தான் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக உச்சரிக்க முடியாது. அதனால் பள்ளியில் இக், இங், இச் என்று முன்னால் ஓர் இகரத்தை முட்டுக் கொடுத்துச் சொல்லித் தருகிறோம். எழுத்தின் பெயராக அது சரி. அதையே வாசிப்பிலும் கொண்டுவந்தால் சொல்லில் இல்லாத நான்கு உயிர்கள் உள்ளே நுழைந்துவிடுகின்றன. நான்கே தட்டில், அதாவது நான்கே அசையில், முடிய வேண்டிய சொல் எட்டுத் தட்டாகிறது. எட்டாவது தட்டு வரும்போது முதல் தட்டு நினைவில் நிற்பதில்லை.

அட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. ஒட்டும் டேப்பை எடுத்து, ஒவ்வொரு புள்ளி அட்டையையும் அதற்கு இடப்பக்கம் இருந்த அட்டையோடு சேர்த்து ஒட்டினேன். எட்டு நான்காயிற்று: மஞ், சக், குப், பம். பையன் ஒரு முறை பார்த்தான், இரண்டாம் முறை சிரித்தான்.

"எழுத்துக்கூட்டிப் படி என்றுதானே மேடம் எல்லோரும் சொல்கிறார்கள்?" என்றார் அம்மா. கூட்டத்தான் வேண்டும். ஆனால் கூட்ட வேண்டியது அசையை.

அசைக்கு மூன்று இடங்கள் உண்டு. முன்னால் நிற்கும் மெய் தொடக்கம், நடுவில் ஒலிக்கும் உயிர் கரு, பின்னால் வந்து வாயை மூடும் மெய் ஈறு. 'மஞ்' என்பதில் ம் தொடக்கம், அ கரு, ஞ் ஈறு. தொடக்கமும் ஈறும் இல்லாமலும் அசை இருக்கலாம். 'அம்மா'வின் 'அம்'முக்குத் தொடக்கம் இல்லை. 'மரம்' என்பதன் 'ம'வுக்கு ஈறு இல்லை. கரு மட்டும் கட்டாயம். ஆகவே உயிர் எத்தனையோ அசையும் அத்தனை. தமிழில் இதை எண்ணுவது சுலபம்: மொத்த எழுத்துகளில் புள்ளி எழுத்துகளைக் கழித்தால் போதும். (ஆய்தத்தையும் புள்ளியோடு சேர்த்துக் கழிக்க வேண்டும்; 'அஃது' இரண்டு அசை.)

எங்கே வெட்டுவது என்பதற்கும் பெரிய சூத்திரம் இல்லை. உயிருக்கு நேர் முன்னால் இருக்கும் ஒரே ஒரு மெய் அந்த உயிரோடு போகும். மிச்சம் எத்தனை மெய் இருந்தாலும் இடப்பக்க அசைக்கு ஈறாகும். 'வாழ்க்கை' என்பதில் உயிர்களுக்கு நடுவே மூன்று மெய்கள். கடைசி க் ஐகாரத்தோடு சேர்ந்து 'கை' ஆக, ழ், க் இரண்டும் முன்னதோடு நிற்கும்: வாழ்க்-கை. தமிழ்ச் சொல் இரண்டு மெய்களோடு தொடங்குவதில்லை; அசையும் அப்படித்தான்.

தவறான இடத்தில் வெட்டினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் எழுதிக் காட்டுவது 'புதுச்சேரி'. சரியான வெட்டு பு-துச்-சே-ரி. பலர் குழந்தைக்கு 'புது', 'ச்சேரி' என்று பிரித்துத் தருகிறார்கள். ச்-இல் ஓர் அசையைத் தொடங்க வாய் வராது. குழந்தை அதை விழுங்கிவிட்டு 'சேரி' என்கிறது. இரட்டித்த ச் வல்லெழுத்தாக அழுத்தி ஒலிக்கும். உயிர்களுக்கு நடுவில் தனியாக நின்றால் அது 'பசி'யில் கேட்பதுபோல் மெலிந்துவிடும். ஆக, ஈறு போனதோடு நிற்காமல் அடுத்த அசையின் தொடக்கமும் கெடுகிறது. 'பட்டு' 'படு'வாவதும் இதே வழியில்தான். வாயில் 'புதுசேரி' என்று வந்தால் நோட்டிலும் அப்படியே வரும். சிவப்பு மையில் சுழித்து, கவனக்குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். பாதி ஒற்றுப்பிழைகளின் வேர் கவனத்தில் இல்லை, வெட்டிய இடத்தில் இருக்கிறது என்பது என் அனுபவம்.

சொல்லின் பொருளைப் பார்த்து வெட்டுவது இன்னொரு பொறி. எங்கள் ஊர் கடலும் ஊரும் சேர்ந்தது. ஆனால் வாயில் அது கடல்-ஊர் அல்ல, க-ட-லூர். தனியாக இருந்தபோது 'க-டல்' என்று ஈற்றில் கிடந்த ல், பின்னால் உயிர் வந்ததும் எழுந்துபோய் அதற்குத் தொடக்கமாகிவிட்டது. உடம்பின் மேல் உயிர் வந்து ஒன்றும் என்று நன்னூல் சொல்வது இதைத்தான்.

தமிழாசிரியர் ஒருவர் இந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "கடலூர் நிரைநேர். இரண்டு அசைதானே?" யாப்பில் இரண்டுதான். அங்கே இரண்டு குறில்கள் இணைந்து ஒரே நிரையசை ஆகும். நான் சொல்வது பேச்சொலியின் அசை. இதில் ஒவ்வோர் உயிரும் தனிக் கணக்கு. பெயர் ஒன்றாகப் போனதால் வந்த குழப்பம் என்பதால் குழந்தைகளிடம் 'தட்டு' என்றே சொல்கிறேன்.

தட்டு எண்ணத் தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அகர, ஆகாரத்துக்குத் தாடை நன்றாக இறங்கும். இகர, உகரத்துக்கு இறங்கியதே தெரியாது. 'புலி'யை வைத்துச் சோதித்தால் ஏமாறுவீர்கள்.

பேச்சு வழக்கையும் பிழையோடு சேர்க்கக் கூடாது. 'கடலூரு', 'பாலு' என்று உகரம் சேர்ப்பது நாம் எல்லோரும் செய்வது. ஈறாக இருந்த மெய்க்கு ஓர் உயிர் கிடைத்து ஓர் அசை கூடுகிறது. 'மரமு' என்று படித்தால்தான் குழந்தை புள்ளியைத் தனித் தட்டாக்குகிறது என்று பொருள். அதேபோல் கம்ப்யூட்டர்: எழுதியபடி மூன்று அசை. தமிழ் வாய் அதைக் கம்-பி-யூட்-டர் என்று நான்காக்கும், ஏனென்றால் 'ப்யூ' என்ற இரட்டைத் தொடக்கம் நமக்குப் பழக்கமில்லை. இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன்.

வாசிக்கும்போது மட்டுமல்லாமல் பேசும்போதும் ஈற்று மெய்கள் தொடர்ந்து உதிர்ந்தால் அட்டையை மூடிவைத்துவிட்டு முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்வேன்.

இந்தப் பையனுக்கு அது தேவைப்படவில்லை. ஆறாவது முறை வந்தபோது, தானே டேப் ஒட்டிய ஒரு நீளப் பட்டையைக் கொண்டுவந்தான்: தி-ருப்-பா-தி-ரிப்-பு-லி-யூர். பதினோரு எழுத்து, மூன்று புள்ளி, எட்டுத் தட்டு. பிறகு சந்தேகத்தோடு கேட்டான்: "ஆனால் கண்டக்டர் திருப்பாப்புலியூர் என்றுதானே கத்துகிறார்?"

கத்தரிக்கோலைக் கொடுத்தேன். நடுவில் இருந்த 'தி'யை வெட்டி எடுத்தான். அடுத்து 'ரிப்' அட்டை. 'ரி'யை மட்டும் வெட்டியபோது ப் தனியாகக் கையில் மிஞ்சியது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டேப்பைக் கிழித்து 'பா'வின் பின்னால் ஒட்டினான். தி-ருப்-பாப்-பு-லி-யூர்.

"ஆறு" என்றான்.