‘மயக்கம்’ வந்தால் ஆங்கிலத்தில் என்ன சொல்வீர்கள்?

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும், வெளிநாடு போகிறவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியிலும் பஞ்சாயத்து ஆபீஸிலும் மலையாளம் என்று வளர்ந்தவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அமைப்பது பெரிய சிக்கலாக இருப்பதில்லை. உடம்பைப் பற்றிச் சொல்லும்போது நம் ஒரே சொல் அங்கே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது, அங்கேதான் ஆபத்து.

ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போயிருந்தார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். ஒருநாள் காலையில் குளியலறையில் நினைவு தப்பி விழுந்து, கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துவிட்டார். கிளினிக்கில் ஆங்கிலத்தில் ‘கிடினஸ்’ என்றார். அதற்குத் தலை சுற்றல் என்றுதான் பொருள். பக்கத்தில் ஒரு மலையாளி நர்ஸ் இருந்ததால் நிம்மதியாகி, ‘மயக்கம் வந்துச்சு’ என்று அவரிடமும் சொன்னார். மலையாளத்தில் மயக்கம் என்றால் தூக்கக் கலக்கம். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று நர்ஸ் நினைத்துக்கொண்டார். இரண்டு மொழியிலும் பேசியும், விழுந்த விஷயம் மட்டும் யார் காதிலும் விழவில்லை. மகள் வந்து சொன்ன பிறகுதான் ஈசிஜி எடுத்தார்கள்.

நாம் மயக்கம் என்று ஒன்றாகச் சொல்வதை அங்கே இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். தலை சுற்றியது, ஆனால் நினைவு இருந்தது என்றால் ‘ஐ ஃபெல்ட் டிஸி’. நினைவே போய்விட்டது என்றால் ‘ஐ ஃபெயின்டட்’, அல்லது ‘ஐ பாஸ்டு அவுட்’. இரண்டாவதைச் சொன்னால் கேள்விகளே மாறிவிடும். எவ்வளவு நேரம் நினைவில்லை, தலை அடிபட்டதா, யாராவது பார்த்தார்களா, நெஞ்சு படபடத்ததா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகள் வராவிட்டால், நீங்கள் விழுந்தது அவர்களுக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொண்டு, ‘ஐ ஃபெல் டவுன்’ என்று மறுபடியும் சொல்லுங்கள்.

கை, கால் விஷயத்திலும் இதே கதைதான். பாதம் வலித்தாலும் தொடை வலித்தாலும் நமக்குக் கால் வலி. அங்கே கணுக்காலுக்குக் கீழே ‘ஃபுட்’, மேலே ‘லெக்’. மணிக்கட்டுக்குக் கீழே ‘ஹாண்ட்’, மேலே ‘ஆர்ம்’. சொல் மறந்துபோனால் இடத்தைத் தொட்டு ‘பெயின் ஹியர்’ என்றால் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம், ‘ஐ ஹாவ் சுகர்’ என்பது அங்கே எல்லாருக்கும் புரியும் என்று நம்ப முடியாது. ‘டயபெடிஸ்’ என்றே சொல்லுங்கள். ‘பிரஷர்’ என்று மட்டும் சொன்னால் மன அழுத்தம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு, அதனால் ‘ஹை ப்ளட் பிரஷர்’.

எனக்கு அதிகம் பயம் தருவது ‘யெஸ்’, ‘நோ’ இரண்டும்தான். ‘யு ஆர் நாட் அலர்ஜிக் டு பெனிசிலின்?’ என்று டாக்டர் எதிர்மறையாகக் கேட்கிறார். அலர்ஜி இல்லாதவர் நம் வழக்கப்படி ‘ஆமா, இல்லை’ என்று மனதுக்குள் நினைத்து ‘யெஸ்’ என்பார். அதைவிட மோசம், அலர்ஜி இருப்பவர் ‘இல்லை, எனக்கு இருக்கிறது’ என்று நினைத்து ‘நோ’ என்பது. ஆங்கிலத்தில் அது அலர்ஜி இல்லை என்றே பதிவாகிவிடும். அதனால் என் வகுப்பில் ஒற்றைச் சொல் பதிலுக்கு அனுமதி கிடையாது. ‘ஐ ஆம் அலர்ஜிக் டு பெனிசிலின்’, ‘ஐ ஆம் நாட் அலர்ஜிக்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். புரியாத கேள்விக்குத் தலையாட்டாமல் ‘சாரி, ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ என்று சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். ஆனால் போய் உட்கார்ந்த பிறகு கேட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே ‘ஐ நீட் எ தமிழ் இன்டர்ப்ரெட்டர்’ என்று சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் இதில் யோசித்துச் சொல்லுங்கள். மலையாளமும் தெரியும் என்று சொல்லி மலையாள மொழிபெயர்ப்பாளர் வந்தால், அந்த அக்காவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். வலியை எந்த மொழியில் சொல்லி வளர்ந்தீர்களோ அந்த மொழியைக் கேளுங்கள்.

மாத்திரை அட்டையை வெறுமையாகிவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள். நம் கடையில் கிடைக்கும் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அட்டையில் அச்சடித்திருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும்தான் அவர்களுக்கு வேண்டும். அந்த அக்காவின் கைப்பையில் காலி அட்டை ஒன்று கிடந்தது, அதில் அம்லோடிபின் 5 என்றிருந்தது. அது ரத்த அழுத்த மருந்து, சிலருக்கு எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்கிவிடலாம். அதனால் டாக்டர் அதைப் பார்த்ததும், படுத்திருந்து எழுந்ததுமே விழுந்தீர்களா என்றுதான் முதலில் கேட்டாராம்.