ஊரில் அம்மா கையில் பட்டன் போனா? *99# இருக்கிறது

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் அனுப்பும் பணம் அம்மாவின் கணக்கில் ஏறிவிடுகிறது. அதை எடுக்க அவர் ஏடிஎம் வரை போக வேண்டியதில்லை. பட்டன் போனில் *99# அழுத்தினால், இன்டர்நெட் இல்லாமலே யுபிஐ வழியாகக் கடைக்குப் பணம் அனுப்பலாம். மெனு டேட்டாவில் வருவதில்லை, போன் நெட்வொர்க்கின் சிக்னல் வழியாகவே வருகிறது.

பெரும்பாலும் சிக்கல் முதல் படியிலேயே தொடங்கும். கணக்கு தொடங்கியபோது மகனின் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். வங்கியில் பதிவான நம்பரின் சிம் அந்தப் போனிலேயே இருந்தால்தான் *99# கணக்கைக் கண்டுபிடிக்கும். அம்மா கிளைக்குப் போய் நம்பரை மாற்றிக்கொள்ளலாம். டெபிட் கார்டும் தேவை. முதல்முறை *99# அழுத்தி, வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் முதல் நான்கு எழுத்துகளைக் கொடுத்து, கணக்கைத் தேர்ந்தெடுத்து, கார்டின் கடைசி ஆறு இலக்கங்களையும் காலாவதி மாதம், வருடத்தையும் கொடுத்தால் யுபிஐ பின் வைத்துக்கொள்ளலாம்.

மளிகைக் கடைக்கு 850 ரூபாய் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். *99# அழுத்தி, பணம் அனுப்ப 1, மொபைல் நம்பருக்கு அனுப்ப மறுபடி 1, பிறகு கடைக்காரர் நம்பர். திரையில் அவர் பெயர் வரும். ஒரு இலக்கம் தப்பினால் வேறு யார் பெயரோ வரும், ஆகவே இங்கே நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து 850, குறிப்பு வேண்டாமென்றால் 1, கடைசியில் பின். ஒருமுறைக்கு 5,000 ரூபாய்தான் உச்சவரம்பு. பின் நம்பர் பல போன்களில் புள்ளிகளாக மறையாமல் அப்படியே தெரியும். கல்லாவில் நின்று அழுத்துவது நல்லதல்ல.

இந்த மெனு கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். தயங்கினாலோ, நடுவில் அழைப்பு வந்தாலோ அறுந்துவிடும். பின் கொடுப்பதற்கு முன் அறுந்தால் கவலையில்லை, முதலிலிருந்து தொடங்கலாம். பின் கொடுத்த பிறகு அறுந்தால் உடனே மறுபடி அனுப்பக் கூடாது: வங்கியில் பணம் கழிந்து, பதில் மட்டும் வந்து சேராமல் இருந்திருக்கலாம். முதலில் *99# மெனுவில் 3 அழுத்தி இருப்பைப் பார்க்க வேண்டும். கழிந்தும் கடைக்காரருக்குப் போகவில்லையென்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி தனிநபர் பரிமாற்றமாக இருந்தால் மறுநாளுக்குள்ளும், வணிகருக்கான கட்டணமாக இருந்தால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும்.

சில 4ஜி நெட்வொர்க்குகளில் *99# வேலை செய்யாது. அங்கே 08045163666 என்ற எண்ணை அழைத்து, குரல் சொல்லும்படி எண்களை அழுத்தலாம்.

இங்கிருந்து செய்துகாட்டலாமே என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் சிம்மில் *99# அந்த மெனுவுக்குப் போகாது. ஊரிலிருந்து 2ஜி போனைக் கொண்டுவந்தாலும் பயனில்லை, இங்கே 2ஜி 2017லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. போனில் படிகளைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மா *99# அழுத்தும்போது நீங்கள் அழைக்காதீர்கள். முடித்ததும் அவரே ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும்.