ஐந்து லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாதீர்கள்

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, கையில் வந்த 5 லட்சத்தையும் ஐந்து வருட எஃப்டியாக ஒரே ரசீதில் போட்டிருந்தார். ஒரு வருடம் கழித்து, மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு ஒரு லட்சம் தேவைப்பட்டது. "பாதி எடுக்க முடியாதும்மா, முழுசா உடைக்கணும்" என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்கள்.

ரசீதில் இருந்த வட்டி 7 சதவீதம். ஆனால் பாதியில் உடைத்தால் அந்த வட்டி கிடையாது. பணம் எவ்வளவு காலம் இருந்ததோ அந்தக் காலத்துக்கான வட்டியைத்தான் எடுப்பார்கள். ஒரு வருடத்துக்கு 6.5 என்றால், அதில் அபராதம் 1 போக 5.5. ஐந்து லட்சத்துக்கும் அதே கணக்குதான். தேவைப்பட்டதோ ஒரு லட்சம்!

அதே பணத்தை ஒரு லட்சமாக ஐந்து ரசீதுகளில், 1, 2, 3, 4, 5 வருடங்களுக்குப் போட்டிருந்தால் முதல் லட்சம் அபராதமில்லாமல் தானாக வந்திருக்கும். மற்ற நான்கையும் தொட வேண்டியதில்லை. தேவையில்லாத வருடம் முதிர்ந்ததை மறுபடி ஐந்து வருடத்துக்குப் போட வேண்டும். அப்புறம் ஏணிப்படி மாதிரி வருடத்துக்கு ஒன்று முதிர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் எல்லா வங்கியிலும் ஐந்து வருடத்துக்குத்தான் அதிக வட்டி என்று நினைக்காதீர்கள். பல சமயம் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் கூடுதலாக இருக்கும். அப்படியென்றால் படிகளையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாறுகிற இடம் விண்ணப்பப் படிவம்தான். "தானாகப் புதுப்பி" என்று டிக் போட்டிருந்தால் ஒரு வருட ரசீது மறுபடி ஒரு வருடத்துக்கே போய்விடும், படி குலைந்துவிடும். முதிர்ந்த பணம் சேமிப்புக் கணக்குக்கு வரட்டும் என்று எழுதுங்கள். முதிர்வுத் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். புதுப்பிக்காமல் கிடந்தால் ரசீதின் வட்டி, சேமிப்பு வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

ஐந்து வருடப் படிக்கு வரிச் சலுகை எஃப்டியைத் தருகிறார்கள் என்றால் யோசியுங்கள். அதை ஐந்து வருடம் முடியாமல் எடுக்கவே முடியாது. தனிநபரின் ஒரு கோடி வரையிலான சாதாரண டெபாசிட்டை இடையில் எடுக்க அனுமதிக்கத்தான் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. "முடியாது" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

கணவன், மனைவி பெயரில் 'இருவரில் ஒருவர்' என்று போட்டாலும், முதிர்வுக்கு முன் எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் இறந்தால் மற்றவர் தனியாக உடைக்கலாம் என்று இருவரும் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்டு அலையவிடுவார்கள். அந்தக் கடிதத்தை ஐந்து ரசீதுக்கும் போடும் நாளிலேயே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.